மணிக்கட்டு உடைஞ்சவன் எழுதின லெட்டர்ல விபத்தையே காணோம்

ஒரு லெட்டரைப் படிச்சுட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கல. அதான் இந்தப் பதிவு.

எங்க தெருவுல வாடகைக்கு இருக்கற ஒரு தம்பி. கம்பி கட்டுற வேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட் உள்ள ஒரு ரோலிங் மில்லுல புதுசா ஒரு ஷெட்டும், பக்கத்துலயே ஒரு ரெண்டு மாடி ஆபீஸ் கட்டடமும் ஏத்துறாங்க, அங்க. வலது கையில முழங்கைக்குக் கீழ மாவுக்கட்டு. கான்ட்ராக்டர்கிட்ட "கட்டு பிரிக்கிற வரைக்கும் சின்ன வேலை ஏதாவது குடுங்க"ன்னு கேக்கணும், லெட்டர் எழுதிட்டேன், ஒரு தடவை பாத்துக் குடுங்கண்ணான்னு வந்தான்.

பாத்தேன்.

"ஐயா, எனக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால் கடினமான வேலை செய்ய இயலவில்லை. ஆகையால் தயவு கூர்ந்து எளிமையான வேலை வழங்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள..."

அவ்வளவுதான். ஸ்கூல்ல காய்ச்சல்னு லீவு லெட்டர் எழுதுவோமே, அதேதான். யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பின மாதிரியைப் பாத்து எழுதியிருக்கான்.

சைட்டுல விழுந்தவன் எழுதின லெட்டர் அது. ஆனா "விழுந்தேன்"ங்கற வார்த்தை இல்ல. எந்தத் தேதி, இல்ல. எந்த இடம், இல்ல. எந்த எலும்பு, இல்ல. சைட்டுல நடந்த விபத்து ஒரே வரியில "உடல்நிலை சரியில்லை"ன்னு ஆயிடுச்சு. நாளைக்கு ஏதாவது தகராறு வந்தா, அவன் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதமே அவனுக்கு எதிரா நிக்கும். "பாருங்க, உடம்பு சரியில்லன்னு அவரேதான் எழுதிக் குடுத்தாரு. வீட்டுல வழுக்கி விழுந்திருப்பாரு"ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

(நான் இந்தப் பக்கம் பல சைட்டுல டைம் ஆபீஸ்ல உக்காந்தவன். மஸ்டர் ரோல், கேட் பாஸ், கூலி ரிஜிஸ்டர் எல்லாம் என் கை வழியாப் போனது. இந்த மாதிரி லெட்டர் வந்தா மேஜையில எப்படிப் படிக்கிறாங்க, எந்த ஃபைல்ல போடுறாங்கன்னு தெரியும். அதனாலதான் இவ்வளவு கோபம்.)

சரி, முதல்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டேன்.

பிப்ரவரி 9, திங்கக்கிழமை. முதல் மாடி ஸ்லாபுக்கு சென்டரிங் அடிச்சு, கீழ் வலை கம்பி விரிச்சாச்சு. அவன் கம்பி மேல நடந்து போறப்ப பூட்ஸ் முனை வலைக்குள்ள மாட்டி, முன்னாடி சாஞ்சுட்டான். விழறவன் என்ன செய்வான், கையை ஊன்றுவான். உள்ளங்கை பலகையில பட்டு, உடம்பு எடை மொத்தமும் மணிக்கட்டுல இறங்கிடுச்சு. உசரத்துல இருந்து விழல. நின்ன இடத்துல விழுந்ததுதான். அதனாலயே அங்க யாரும் பெருசா எடுத்துக்கல. மேஸ்திரி ஐஸ் வெச்சு, ஒரு துணியைச் சுத்தி, சாயங்காலம் வரைக்கும் உக்கார வெச்சுட்டாரு. ராத்திரி வீக்கம் தாங்காம கவர்மென்ட் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே. ஆரை எலும்போட கீழ்முனை, அதாவது முன்கையில பெருவிரல் பக்கமா ஓடுற எலும்பு மணிக்கட்டைத் தொடுற இடம், முறிஞ்சிருக்கு. நல்லவேளை, எலும்பு இடம் நகரல. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கையை ஊன்றி விழுந்தா அதிகமா உடையறது இந்த இடம்தான். இதுல ஒரு ஆபத்தான ஜோடி உண்டு. பெருவிரலைத் தூக்கினா அதோட அடியில, மணிக்கட்டு ஓரமா ஒரு சின்னக் குழி விழும் பாருங்க. அந்தக் குழிக்குக் கீழ ஸ்கேஃபாய்டுன்னு முந்திரிப் பருப்பு அளவுக்கு ஒரு எலும்பு. அதுல கீறல் விழுந்தா முதல் நாள் எக்ஸ்ரேல தெரியாமலே போகலாம். "ஒண்ணுமில்ல, சுளுக்கு"ன்னு அனுப்பிடுவாங்க. ஆனா அந்தக் குழியில அழுத்தினா வலி உயிர் போகும். அப்படி இருந்தா பத்துப் பதினாலு நாள் கழிச்சு மறுபடி எக்ஸ்ரே எடுக்கணும். அந்த எலும்புக்கு ரத்தம் ஒரு பக்கத்துல இருந்துதான் போகுது. சரியா அசைக்காம வெக்கலன்னா கூடாமலே போயிடும், ஒரு பக்கம் செத்தும் போகலாம். கூடுறதுக்கும் ரெண்டு மூணு மாசம் பிடிக்கும். "சுளுக்கு"ன்னு சொல்லி ஒரு வாரத்துல மறுபடி கம்பி தூக்கப் போனவங்களுக்கு மணிக்கட்டு கடைசி வரைக்கும் சரியா மடங்காமப் போனதை நான் நேர்ல பாத்திருக்கேன். அதனால அந்தத் தம்பி பெருவிரல் குழியை அமுத்திப் பாத்தாங்களான்னுதான் முதல்ல கேட்டேன். பாத்தாங்களாம், அங்க வலி இல்லையாம். நிம்மதி.

இங்க ஒரு விஷயம். நம்ம பக்கத்துல கை கால் உடைஞ்சா பாதிப் பேரு புத்தூர் கட்டுக்குப் போயிடுவாங்க. திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஆந்திரா புத்தூர் பக்கம்தானே. அந்த நம்பிக்கையைப் பத்தி நான் சண்டைக்கு வரல. ஆனா வேலையில விழுந்த அடின்னா, எங்க கட்டுப் போட்டாலும் அதுக்கு முன்னாடி கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஓ.பி. சீட்டும் எக்ஸ்ரேயும் எடுத்துடுங்க. அந்தச் சீட்டுல "வேலை செய்யும் இடத்தில் விழுந்தது"ன்னு டாக்டரை எழுதச் சொல்லுங்க. அந்த ஒரு வரியும் அந்தத் தேதியும் பின்னாடி எத்தனை காசு குடுத்தாலும் கிடைக்காது.

இப்ப லெட்டருக்கு வருவோம். எழுதறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. லைட் வேலை கேக்கவே கேக்கணுமா?

இதை யாருமே யோசிக்கறதில்ல. வேலைக்குப் போகலன்னா பேரை எடுத்துடுவாங்கன்னு பயந்து ஓடிப் போய்க் கேக்குறாங்க.

கூலியில இ.எஸ்.ஐ. பிடிச்சிருந்தாங்கன்னா (தொழிலாளி பங்கு நூத்துக்கு முக்கால் ரூபா, 0.75 சதவீதம்) உங்களுக்குப் பத்து இலக்கத்துல ஒரு இன்சூரன்ஸ் நம்பர் இருக்கும். கட்டுமான சைட் ஆளுங்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாதுன்னு இன்னும் பல மேஸ்திரிங்க சொல்லிட்டுத் திரியறாங்க. அது பழைய கதை. 2015 ஆகஸ்டுல இருந்தே இ.எஸ்.ஐ. அமல்ல இருக்கற பகுதிகள்ல சைட் தொழிலாளிகளையும் சேத்தாச்சு. மாசச் சம்பளம் 21,000-க்குள்ள இருக்கணும், அவ்வளவுதான். அதுல வேலையிட விபத்துன்னா, இ.எஸ்.ஐ. டாக்டர் சர்டிபிகேட் குடுக்கற நாள் வரைக்கும் தினக்கூலியில 90 சதவீதம் அவங்களே குடுப்பாங்க. வேலைக்குச் சேந்து இத்தனை மாசம் ஆகியிருக்கணும்னு கணக்கெல்லாம் கிடையாது. அந்தப் பணம் வாங்கிட்டிருக்கற காலத்துல முதலாளி வேலையை விட்டு எடுக்கவும் கூடாது.

ஆனா வேலைக்குப் போய்க் கூலி வாங்கின நாளுக்கு அந்த 90 சதவீதம் கிடையாது.

இதை நல்லா யோசிங்க. 550 ரூபா கூலிக்காரர் வீட்டுல கையைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்தா ஏறக்குறைய 495 வரும். அதை விட்டுட்டு உடைஞ்ச கையோட கேட்டுல 400 ரூபாய்க்குப் போய் நிக்கிறது எதுக்கு? இ.எஸ்.ஐ. இருந்தா லைட் வேலை லெட்டரை இப்ப எழுதாதீங்க. இப்ப கான்ட்ராக்டர்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணுதான்: இ.எஸ்.ஐ.க்கு விபத்து ரிப்போர்ட் அனுப்புங்க. லைட் வேலை கேக்குற லெட்டர், டாக்டர் "வேலைக்குப் போகலாம்"னு கடைசி சர்டிபிகேட் குடுத்த பிறகு.

நம்ம தம்பிக்கு இ.எஸ்.ஐ. இல்ல. ஒரு சப் கான்ட்ராக்டர் கீழ தினக்கூலி. அப்ப எது பொருந்தும்? ரொம்ப நாளா 1923-ம் வருஷச் சட்டம்னு பேசுவோமே, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், அது. 2025 நவம்பர் 21-ல இருந்து அது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள்ள போயிடுச்சு. பேரு மாறினாலும் தற்காலிகமா வேலை செய்ய முடியாமப் போறவனுக்கான கணக்கு அதே கணக்குதான். அரை மாசத்துக்கு ஒரு தடவை, மாசக் கூலியில 25 சதவீதம். 28 நாளோ அதுக்கு மேலயோ முடியாமப் போச்சுன்னா 16-வது நாள் முதல் தவணை குடுக்கணும். ஆஸ்பத்திரிச் செலவு ஆன அளவுக்கு முழுசும் தனியா.

தம்பியோட கணக்கைப் போட்டுப் பாத்தோம். 550 ரூபா, மாசம் 26 நாள்னா 14,300. அரை மாசத்துக்கு 25 சதவீதம் 3,575. ஆக வேலைக்கே போகாம இருந்தா மாசம் 7,150. பாதிக் கூலி. வாடகையும் ஊருக்கு அனுப்புறதும் போக இதுல குடும்பம் ஓடாது. அதனால அவன் லைட் வேலை கேக்குறதுல அர்த்தம் இருக்கு.

இப்பதான் முக்கியமான இடம். கான்ட்ராக்டர் "கேட்டுல உக்காரு, 400 தரேன்"னு சொல்றாருன்னு வைங்க. இழப்பீடு போயிடுமா? போகாது. சட்டம் என்ன சொல்லுதுன்னா, அரை மாசத் தவணை எவ்வளவுன்னு பாக்குறப்ப, பழைய அரை மாசக் கூலிக்கும் இப்ப வாங்குற அரை மாசக் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாண்டக் கூடாது. தாண்டக் கூடாதுன்னுதான் சொல்லுது. இல்லவே இல்லன்னு சொல்லல. 400 ரூபான்னா மாசம் 10,400. அரை மாசத்துக்கு 5,200. பழைய அரை மாசம் 7,150. வித்தியாசம் 1,950. அந்த 1,950 அவனுக்கு வரணும். மாசம் ரெண்டு தடவை, 3,900. கேட்டுக் கூலி 10,400-ஓட கூட்டிப் பாருங்க.

14,300. பழைய கூலியே வந்துடுச்சு.

இதைக் கணக்குப் போட்டுக் காமிச்சப்ப தம்பி மூஞ்சியைப் பாக்கணுமே! ரெண்டு தடவை தானே மொபைல்ல கூட்டிப் பாத்தான்.

ஆக, லைட் வேலை கேக்குறது ஒரு வேண்டுகோள். கான்ட்ராக்டர் குடுக்கலாம், இல்லன்னும் சொல்லலாம். கூலி ஆளுக்கு லைட் வேலை குடுத்தே ஆகணும்னு கட்டாயம் எதுவும் இல்ல. இழப்பீடு அப்படி இல்ல, அது குடுத்தே ஆகணும். லெட்டர்ல இந்த ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலக்கக் கூடாது. "லைட் வேலை குடுத்தா நான் வேற எதுவும் கேக்க மாட்டேன்"ங்கற மாதிரி ஒரு வரிகூட வரக் கூடாது. மேஸ்திரிங்க நல்ல எண்ணத்துலயே அப்படி எழுதச் சொல்லுவாங்க. "அப்பதான் ஓனர் இறங்கி வருவாரு தம்பி"ன்னு. வேண்டாம்.

அடுத்தது, எந்த வேலையைக் கேக்கறது. "எளிமையான வேலை"ன்னு எழுதினா சைட்டுல அதுக்கு அர்த்தமே கிடையாது. சைட் எஞ்சினியருக்கு செங்கல் எடுத்துக் குடுக்கறதும் எளிமைதான். க்யூரிங்குக்குத் தண்ணி அடிக்கறது லைட் வேலைன்னு நினைப்பாங்க. மாவுக்கட்டு நனைஞ்சா போச்சு, கட்டு இளகிடும், உள்ள தோல் புண்ணாகும். வைப்ரேட்டர் பிடிக்கறது ஒரு கையால முடியும்னு சொல்லுவாங்க. அந்த அதிர்வு கட்டுக்குள்ள நேரா முறிவுக்குப் போகும். சாரத்து மேல நின்னு "சும்மா பாத்துக்க"ன்னு ஏத்தி விடுவாங்க. ஏணியில ஏறணும்னா ரெண்டு கை வேணும். ஒரு கையால ஏறினவன் மறுபடி விழுந்தா இந்தத் தடவை இடுப்போ தலையோ.

அதனால செய்யக் கூடியதைப் பேரு சொல்லிக் கேக்கணும். லாரி வர்றப்ப நம்பர், சலான், சிமெண்ட் மூட்டை எண்ணிக்கை ரிஜிஸ்டர்ல ஏத்துறது. (தம்பிக்கு அடிபட்டது வலது கை. இடது கையால எழுத முடியுமான்னு கேட்டேன். நம்பர் எழுதிடுவானாம், பேர் எழுத நேரம் ஆகுமாம். அதையும் லெட்டர்ல சொல்லிடச் சொன்னேன். அப்புறம் கையெழுத்து கோணல்னு திட்டு வாங்க வேண்டாம்.) கம்பி வெட்டி வளைக்கிற இடத்துல கட்டிங் லிஸ்ட்டைப் பாத்து, எந்த விட்டம், எத்தனை எண்ணம், எந்த பீமுக்குன்னு சாக்பீஸ் குறி போட்டுப் பிரிச்சு வெக்கச் சொல்றது. இது அவனுக்கு அத்துப்படி. புதுசா வந்த ஒடிசா, பீகார் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கவும் சைட்டுக்கு ஆள் வேணும். ஸ்டோர்ல ஹெல்மெட், கையுறை, கட்டுக்கம்பி சுருள் எண்ணிக் குடுக்கறது. இதுல எதுவும் கருணை வேலை இல்ல. எல்லாமே யாரையாவது வெச்சு சைட் எப்படியும் செய்யற வேலைதான். கான்ட்ராக்டர் கண்ணுக்கு அது தெரியற மாதிரி எழுதணும்.

எவ்வளவு நாளைக்குங்கறதும் முக்கியம். ஆறு வாரம்னு கேட்டா கான்ட்ராக்டருங்க ஆறாவது வாரக் கடைசியில கட்டுப் பிரிச்ச அன்னிக்கே கம்பி மேல ஏத்திடுவாங்க. அப்படி முடியாது. ஆறு வாரத்துல எலும்பு கூடும். பிடி வராது. கட்டுக்குள்ள இருந்த மணிக்கட்டு விறைச்சுப் போயிருக்கும். அதுவும் கம்பி கட்டுறவனுக்கு என்ன வேலை? கட்டுக்கம்பியைச் சுத்தி, கொக்கியை மாட்டி, மணிக்கட்டை வெடுக்குன்னு திருகறது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல. உள்ளங்கையை மேல் பக்கம் கீழ் பக்கம் திருப்புற அந்த அசைவு இருக்கே, இந்த முறிவுக்கு அப்புறம் தாமதமா திரும்பற அசைவுகள்ல அதுவும் ஒண்ணு. பிடி பலம் சரியா வர மூணு மாசமோ அதுக்கு மேலயோ ஆகும். அதனால லெட்டர்ல ரெண்டு கட்டமா கேக்கச் சொன்னேன். மாவுக்கட்டு இருக்கற வரைக்கும் ஒண்ணு. பிரிச்ச பிறகு டாக்டர் சொல்ற வரைக்கும் இன்னொண்ணு.

சேந்து உக்காந்து எழுதினது இதுதான். பேரை எடுத்துட்டுப் போடறேன்.

அனுப்புநர்: (பெயர்), கம்பி கட்டுபவர், கேட் பாஸ் எண், செல் எண்.

பெறுநர்: (கூலி தரும் கான்ட்ராக்டர் பெயர், முகவரி).

நகல்: சைட் இன்சார்ஜ், (முதன்மைக் கான்ட்ராக்டர் பெயர்).

நாள்: 16-2-2026.

பொருள்: வேலை நேரத்தில் நடந்த விபத்தில் வலது மணிக்கட்டு முறிவு, இலகு வேலை கேட்பது.

ஐயா,

09-02-2026 திங்கட்கிழமை காலை சுமார் 11 மணிக்கு, கும்மிடிப்பூண்டி சிப்காட் சைட்டில் அலுவலகக் கட்டடத்தின் முதல் மாடி ஸ்லாபில் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது, கால் கம்பி வலையில் சிக்கி வலது கையை ஊன்றி விழுந்தேன். அப்போது மேஸ்திரியும் உடன் வேலை செய்த இருவரும் அங்கே இருந்தார்கள்.

அன்று இரவே அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, வலது ஆரை எலும்பின் கீழ்முனையில் முறிவு என்று கூறி மாவுக்கட்டு போட்டார்கள். 23-3-2026 வரை கட்டு இருக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதியுள்ளார். ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே அறிக்கை நகல்கள் இணைத்துள்ளேன்.

மருத்துவர் அறிவுரைப்படி 23-3-2026 வரை வலது கையால் எதையும் தூக்கவோ, இழுக்கவோ, திருகவோ கூடாது. ஏணி, சாரம் ஏறக் கூடாது. கட்டு நனையக் கூடாது. இடது கையால் வேலை செய்யவும், நடக்கவும், நிற்கவும் தடையில்லை.

ஆகவே அதுவரை கீழ்க்கண்ட வேலைகளில் ஒன்றைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்: கேட்டில் லாரி, சலான் பதிவு (இடது கையால் எண்கள் எழுத முடியும்; பெயர் எழுதச் சற்று நேரம் ஆகும்); கம்பி வெட்டும் இடத்தில் கட்டிங் லிஸ்ட் பார்த்துக் குறியிட்டுப் பிரிப்பது; ஸ்டோரில் பொருள் எண்ணிக் கொடுப்பது.

கட்டுப் பிரித்த பிறகு மருத்துவர் தரும் சீட்டைக் காட்டி, அவர் அனுமதிக்கும் வேலைக்கு மட்டும் படிப்படியாகத் திரும்புகிறேன்.

இந்த விபத்தை விபத்துப் பதிவேட்டில் பதிந்து, தங்கள் தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இலகு வேலை கேட்பதால் சட்டப்படி எனக்குச் சேர வேண்டிய இழப்பீட்டையும் மருத்துவச் செலவையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
(கையொப்பம் / இடது கை பெருவிரல் ரேகை)

அவ்வளவுதான். ஒரு பக்கம். "பணிவன்புடன்" எங்கயும் இல்ல. மரியாதைக் குறைவும் எங்கயும் இல்ல.

கடைசிப் பத்தியைப் பாத்துத் தம்பி பயந்துட்டான். "அண்ணா, இன்சூரன்ஸ் அது இதுன்னு எழுதினா கோவிச்சுக்க மாட்டாரா?"

கோவிச்சுக்க மாட்டாரு. ஏன்னு சொல்றேன். சிப்காட் கம்பெனிங்க பெரும்பாலும் கான்ட்ராக்டர் ஆளுங்களுக்கு கேட் பாஸ் போடறதுக்கு முன்னாடியே "டபிள்யூ.சி. பாலிசி எடுத்திருக்கியா"ன்னு கேப்பாங்க. தொழிலாளிக்குச் சட்டப்படி குடுக்க வேண்டிய இழப்பீட்டைக் கான்ட்ராக்டர் சார்புல இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்கற பாலிசி அது. ப்ரீமியம் ஏற்கனவே கட்டியாச்சு. ஆனா விபத்து நடந்த உடனே சொல்லணும். தேதி, இடம், அன்னிக்கு மஸ்டர்ல பேரு, கூலி ரிஜிஸ்டர், ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம் ஒத்துப் போகணும். ரெண்டு மாசம் கழிச்சு வாய்வார்த்தையில சொன்னா அவங்க இழுத்தடிப்பாங்க. சரியா தேதி போட்ட லெட்டர் கையில இருந்தா கான்ட்ராக்டருக்குத்தான் சௌகரியம், தன் பாக்கெட்டுல இருந்து போக வேண்டியது இல்ல. இதையே நேர்ல பேசறப்ப அவர்கிட்டச் சொல்லுன்னு சொல்லி அனுப்பினேன்.

நகல் ஏன் முதன்மைக் கான்ட்ராக்டருக்கு? சப் கான்ட்ராக்டர் நாளைக்கு வேற ஊருக்கு வேலை எடுத்துட்டுப் போயிடுவாரு. இந்தப் பக்கம் அது சர்வ சாதாரணம். சட்டப்படி, தன் தொழிலுக்கான வேலையை இன்னொருத்தர் மூலமா செய்ய வெச்சவரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அவரு குடுத்துட்டு அப்புறம் சப் கான்ட்ராக்டர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம். ஆனா அவருக்கு விபத்தே தெரியாதுன்னா எங்க போய்க் கேக்கறது?

குடுக்கற விதம் இப்படி. ரெண்டு காப்பி. ஒண்ணுல "பெற்றுக்கொண்டேன்"னு தேதியோட கையெழுத்து வாங்கிக்கணும். போடலன்னா ஸ்பீட் போஸ்ட்ல ஒப்புகையோட அனுப்பிடணும். லெட்டரை போட்டோ எடுத்து மேஸ்திரி வாட்ஸ்அப்புக்கும் அனுப்பி வெச்சுக்கலாம். அதுக்கு அவரு "சரி தம்பி"ன்னு போட்டா அதுவும் ஒரு சாட்சி.

மேஸ்திரி சாட்சி சொல்ல மாட்டாருன்னு தம்பிக்குக் கவலை. விழுந்த அன்னிக்கு மஸ்டர்ல அவனுக்கு வருகை போட்டிருக்கு, அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு. இந்த ரெண்டும் ஒரே தேதியில இருந்தா மேஸ்திரி வாயைத் திறக்கலன்னாலும் கேஸு பெருசா தள்ளாடாது.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வர்ற இன்னொரு விஷயம், அந்த வெத்துப் பேப்பர். "இந்தா, 5,000 வெச்சுக்க, செலவுக்கு. இதுல ஒரு கையெழுத்துப் போடு"ன்னு நீட்டுவாங்க. சில சமயம் எழுதின பேப்பர். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை." உடைஞ்ச கை வலியோட, கையில காசு இல்லாம நிக்கறவன்கிட்ட அதை நீட்டுறது எவ்வளவு பெரிய அநியாயம்! பணத்தை வாங்கிக்கோங்க, வேணும்தானே. "விபத்துக்கான முன்பணம் 5,000"னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வெத்துத் தாளுல போடாதீங்க. ஏற்கனவே போட்டுட்டவங்க உடைஞ்சு போகாதீங்க. இழப்பீட்டு உரிமையை விட்டுக்குடுக்கறதா எழுதிக்கற ஒப்பந்தம் சட்டத்துல செல்லாது. தொழிலாளர் துறையில இழப்பீட்டு அதிகாரியா இருக்கற துணை ஆணையர்கிட்ட மனு போடலாம். விபத்து நடந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடுங்க. கட்டுமான நல வாரியக் கார்டு இருக்கே, அதுல வந்துடாதான்னு தம்பி கேட்டான். அந்த உதவி வேற கணக்கு. வாரியக் கார்டைக் காட்டிக் கான்ட்ராக்டர் தன் பொறுப்புல இருந்து கழண்டுக்க முடியாது.

என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. கான்ட்ராக்டர் லெட்டரை ரெண்டு தடவை படிச்சாராம். "யார் எழுதிக் குடுத்தது?"ன்னு கேட்டாராம். அப்புறம் கம்பி வெட்டுற யார்டுல குறி போடற வேலை, 400 ரூபா. காப்பியில கையெழுத்தும் போட்டாரு. மிச்ச 1,950-ஐப் பத்தி "இன்சூரன்ஸ்காரங்களைக் கேட்டுச் சொல்றேன்"னு சொல்லியிருக்காரு. முதல் தவணை வர வேண்டிய 16-வது நாள் எதுன்னு தம்பி காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கான். வரலன்னா அடுத்த லெட்டர் அதுக்கு.

இப்பப் போறப்ப வர்றப்பல்லாம் அவனை நிறுத்தி விரலை ஆட்டச் சொல்றேன். கட்டுக்கு வெளிய இருக்கற விரல் அஞ்சையும் தினம் பல தடவை முழுசா மடக்கி நீட்டணும், தோளையும் முழங்கையையும் அசைக்கணும். இதைச் செய்யாம கையைத் தூளியில தொங்கவிட்டுட்டு இருந்தா கட்டுப் பிரிக்கிறப்ப எலும்பு கூடியிருக்கும், கை மூடாது. உக்காந்திருக்கறப்ப கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வெக்கணும். பீடியை இந்த ஆறு வாரமாவது விடுடான்னேன், புகை எலும்பு கூடறதைத் தாமதப்படுத்தும். விரல் நீலமா மாறினாலோ, மரத்துப் போனாலோ, கட்டு இறுக்கி வலி ஏறிட்டே போனாலோ மறுநாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அன்னிக்கே ஆஸ்பத்திரி. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் சேந்து மரத்தா நரம்பு அழுத்தப்படுதுன்னு அர்த்தம். அப்படி ஏதாவதுன்னா நம்ம லைன்லயே ரயில் ஏறி ஸ்டான்லிக்குப் போயிடலாம். கைக்குன்னே தனியா ஒரு அறுவைச் சிகிச்சைப் பிரிவு அங்க இருக்கு, டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கி வெச்சது. வடசென்னை ஃபேக்டரியில கை நசுங்கினவங்க, அறுந்தவங்க எத்தனையோ பேரு அங்க போய்க் கையோட திரும்பியிருக்காங்க.

மார்ச் 23 கட்டுப் பிரிக்கிறப்ப டாக்டர்கிட்ட என்ன எழுதி வாங்கணும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருக்கேன். "வேலைக்குத் தகுதி"ன்னு ஒத்தை வரி எழுத வந்தா, டாக்டர், எத்தனை கிலோ வரைக்கும் தூக்கலாம், கொக்கி திருகலாமா, சாரம் ஏறலாமா, அடுத்து எப்ப வரணும்னு நாலையும் தனித்தனியா எழுதுங்கன்னு கேக்கச் சொல்லியிருக்கேன். ஓ.பி.ல கூட்டம் தள்ளும், டாக்டர் அவசரத்துல இருப்பாரு. அதனாலதான் சீட்டு. அதை நீட்டினா பக்கத்துலயே எழுதிக் குடுத்துடுவாரு.